கம்பியில் நெட்டலை என்ன வேகத்தில் ஓடும்? வேலூர் மாணவர்கள் கேட்டவையும் பதில்களும்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து மாணவர்களும் பட்டறைக்காரர்களும் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே வேலைக்குத்தான் வந்து நிற்கின்றன: ஒரு கம்பியைத் தட்டி, அதன் ஒலியிலிருந்து, நீளவாக்கில் ஓடும் நெட்டலையின் வேகத்தையும் பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகத்தையும் எடுப்பது. அதனால் அந்தப் பகுதி மட்டும் நீளமாக இருக்கும்.

சார், v = √(E/ρ) என்று மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது?

ஒரு நீளமான கம்பியின் இடது முனையை u என்ற சிறு வேகத்தில் வலப்பக்கம் தள்ளத் தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். t நேரம் தள்ளுகிறோம். முனை ut தூரம் நகர்ந்திருக்கும். ஆனால் கம்பியின் மறுமுனைக்கு இந்தச் சங்கதி இன்னும் போய்ச் சேரவில்லை. அலை v வேகத்தில் ஓடி vt தூரத்தைத்தான் தொட்டிருக்கும். ஆக, vt நீளமுள்ள பகுதி ut அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. திரிபு u/v. யங் குணகம் E-யால் பெருக்கினால் தகைவு, குறுக்குப் பரப்பு A-யால் மறுபடி பெருக்கினால் விசை: EAu/v.

இந்த விசை t நேரம் செயல்பட்டு என்ன செய்தது? அலை தொட்ட பகுதி முழுவதையும் u வேகத்தில் நகர வைத்தது. அடர்த்தி ρ என்றால் அந்தப் பகுதியின் நிறை ρAvt, உந்தம் ρAvtu. விசை பெருக்கல் நேரம் உந்தத்துக்குச் சமம் என்று எழுதினால் A, t, u மூன்றும் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும்.

```
(E·A·u/v)·t = ρ·A·v·t·u
E/v = ρ·v
v = √(E/ρ)
```

அடிபட்டுப் போனவை எவை என்பதைக் கவனியுங்கள். A போய்விட்டது, அதனால் கம்பி தடிமனா மெலிசா என்பது வேகத்தைப் பாதிக்காது (இதற்கு ஓர் எல்லை உண்டு, கீழே வருகிறது). u போய்விட்டது, அதனால் பலமாக அடித்தாலும் மெல்லத் தட்டினாலும் அலை ஒரே வேகத்தில்தான் போகும். u என்பது இரும்புத் துகள்கள் நகரும் வேகம், v என்பது அந்த நகர்வு அடுத்த பகுதிக்குப் பரவும் வேகம். தேர்வில் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் குழம்புகிறார்கள்.

கணக்குப் போட்டால் ஒரு தடவை 5 வருகிறது, ஒரு தடவை 1,59,000 வருகிறது. எங்கே தப்பு?

அலகில்தான். E-யைப் பாஸ்கலிலும் ρ-வை கிலோகிராம்/மீ³-லும் போட்டால் விடை மீட்டர்/வினாடியில் வரும். இரும்புக்கு 200 × 10⁹-ஐ 7850-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 5048. அடர்த்திக்கு 7.85 என்று போட்டுவிட்டு E-யைப் பாஸ்கலிலேயே விட்டால்தான் அந்த 1,59,000 சொச்சம் வரும்.

உங்களுக்கு வந்த 5 தப்பே இல்லை. E-யை ஜிகாபாஸ்கலிலும் அடர்த்தியை கிராம்/செ.மீ³-லும் போட்டால் விடை நேராக கிலோமீட்டர்/வினாடியில் வந்துவிடும். √(200/7.85) = 5.05 கி.மீ./வி. நான் எப்போதும் இப்படித்தான் போடுகிறேன், பூஜ்யங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

இரும்பு அலுமினியத்தை விட மூன்று மடங்கு விறைப்பு. அப்போ அலையும் ரொம்ப வேகமாகத்தானே போகணும்?

போகாது. இரண்டிலும் ஏறத்தாழ ஒரே வேகம்தான். அலுமினியத்தின் E சுமார் 70, அடர்த்தி 2.7. வகுத்து மூலம் எடுத்தால் 5.09 கி.மீ./வி. விறைப்பு மூன்றில் ஒரு பங்காக இறங்கும்போது அடர்த்தியும் ஏறத்தாழ அதே விகிதத்தில் இறங்கிவிடுகிறது. செம்பும் பித்தளையும் அப்படி இல்லை. கனமும் அதிகம், விறைப்பும் இரும்பை விடக் குறைவு. அதனால் செம்பில் 3.7, பித்தளையில் 3.4 வாக்கில்தான் வரும். ஒரே நீளத்தில் இரும்பு, அலுமினியம், பித்தளை என்று மூன்று கம்பிகளை முனையில் தட்டிப் பாருங்கள். முதல் இரண்டின் சுருதியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், பித்தளை தெளிவாகக் கீழே இறங்கி ஒலிக்கும்.

அண்ணா, எங்கள் ஆய்வகத்தில் அலைகாட்டி இல்லை. போனை மட்டும் வைத்து வேகத்தை அளக்க முடியுமா?

தாராளமாக முடியும், துல்லியமும் நன்றாக இருக்கும். ஏனென்றால் ஓர் அலை ஒரு தடவை ஓடும் நேரத்தை நாம் அளக்கப் போவதில்லை. ஒன்றரை மீட்டர் கம்பியை அலை 0.3 மில்லிவினாடியில் கடந்துவிடும், அதைப் போனால் பிடிக்க முடியாது. ஆனால் அது இரண்டு முனைகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான தடவை போய்ப் போய் வரும். அந்தப் போக்குவரத்தின் அதிர்வெண்ணைப் போன் சுலபமாகப் பிடிக்கும். இரு முனையும் கட்டப்படாத கம்பியில் அலை 2L தூரம் போய்வந்தால் ஒரு சுற்று. அதனால் அடிப்படை அதிர்வெண் f = v/2L. அதாவது v = 2Lf.

இரும்புக் கடையில் 12 மி.மீ. பிளெயின் ராடு ஒன்றே கால் மீட்டர் வாக்கில் வாங்குங்கள். கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பி வேண்டாம், அதன் மேல் இருக்கும் வரிகளால் விட்டம் அளப்பது சிக்கலாகிவிடும். லேத் பட்டறையில் கொடுத்து இரண்டு முனையையும் சரியான செங்கோணத்தில், மொத்தம் 1.200 மீட்டருக்கு வெட்டி வாங்குங்கள். நைலான் நூலில் இரண்டு இடத்தில் கட்டிக் கிடையாகத் தொங்கவிடுங்கள்.

தட்டுவதற்குச் சிறிய, கடினமான பொருள் வேண்டும். பழைய பேரிங்கிலிருந்து எடுத்த எஃகுக் குண்டு மிகவும் பொருத்தம். மரச் சுத்தியலோ ரப்பர் சுத்தியலோ கம்பியோடு அதிக நேரம் ஒட்டியிருக்கும். நமக்கு வேண்டிய அதிர்வின் ஒரு சுற்றே அரை மில்லிவினாடிக்கும் குறைவு. தொடும் நேரம் அதைத் தாண்டினால் அந்த அதிர்வு எழவே எழாது. குண்டை நூலில் கட்டி, ஊசல் போல விட்டு, முனையின் நடுவில் நேராகப் படும்படி தட்டுங்கள். மறுமுனைக்கு நாலைந்து செ.மீ. தள்ளி, அதன் நேர் எதிரே போனை வையுங்கள்.

பதிவு செய்யும்போது இரைச்சலைக் குறைக்கும் வசதி ஏதாவது போனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். நீண்டு ஒலிக்கும் ஒரே சுரத்தைச் சில செயலிகள் இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும். மின்விசிறியின் சத்தம் ஒன்றும் செய்யாது, அது நம் அதிர்வெண்ணுக்கு மிகவும் கீழே இருக்கிறது. ஆனால் காற்றில் கம்பி ஆடும், அதனால் மே மாதமானாலும் அந்த ஐந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள்.

பதிவைக் கணினியில் Audacity-யில் திறந்து, தட்டியதற்குக் கொஞ்சம் பின்னாலிருந்து இரண்டு வினாடி அளவுக்குத் தேர்ந்தெடுத்து, Analyze பட்டியலில் Plot Spectrum கொடுங்கள். Size என்ற இடத்தில் 65536 வையுங்கள். வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற பதிவில் அது 0.67 ஹெர்ட்ஸ் வரை பிரித்துக் காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: உச்சி 2140 ஹெர்ட்ஸில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். v = 2 × 1.200 × 2140 = 5136 மீ./வி. இதற்கு விட்டமும் வேண்டாம், எடையும் வேண்டாம். யங் குணகம் வேண்டுமானால்தான் அவை தேவை. கம்பியின் நிறை 1.048 கிலோ, விட்டம் 11.90 மி.மீ. என்றால் பரப்பு 111.2 மி.மீ², அடர்த்தி சுமார் 7852. E = ρv² = 207 ஜிகாபாஸ்கல். மென்னெஃகுக்கு இது நம்பத்தக்க மதிப்பு. ஒரே வரியில் போட வேண்டுமானால்:

```
E = 4·m·L·f² / A
```

நான் அப்படியே செய்தேன். ஒரு உச்சி இல்லை, பத்துப் பதினைந்து வருகிறது. எதை எடுப்பது?

இந்தச் சோதனையில் ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். கம்பியை எவ்வளவு நேராகத் தட்டினாலும் கொஞ்சம் வளைந்து அதிரத்தான் செய்யும். வளைவு அதிர்வுகளுக்கு நம் சூத்திரம் பொருந்தாது. அவற்றின் அதிர்வெண் தடிமனைப் பொறுத்தது, 1, 2, 3 என்று சம இடைவெளியில் ஏறுவதும் இல்லை. மேலே சொன்ன கம்பிக்குக் கணக்கிட்டால் முதல் வளைவு அதிர்வு 38 ஹெர்ட்ஸில் தொடங்கி, ஏறக்குறைய 3, 5, 7, 9 ஆகியவற்றின் வர்க்கங்கள் போல ஏறும். பத்தாவது 1800 சொச்சத்திலும் பதினோராவது 2170-ஐ ஒட்டியும் வந்து நிற்கும். நமக்கு வேண்டிய 2140 அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

2170-ஐத் தவறாக எடுத்தால் என்ன ஆகும்? v = 5208, E = 213. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் இரும்புக்கு அதுவும் பொருத்தமாகத்தான் தோன்றும். விடை நம்பும்படி இருக்கிறது என்பதாலேயே அதை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். உச்சி நெட்டலையுடையதுதானா என்று தனியாகச் சோதிக்க வேண்டும்.

சோதிக்க நல்ல வழி விரல்தான். இரு முனையும் விடுபட்ட கம்பியில் அடிப்படை நெட்டலைக்கு நட்ட நடுவில் கணு. அங்கே துகள் நகர்வதே இல்லை. அதனால் கம்பியின் நடுவை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தட்டினாலும் 2140 அப்படியே ஒலிக்கும். பதினோராவது வளைவு அதிர்வுக்கு அதே நடுப்புள்ளியில் எதிர்க்கணு, பிடித்தவுடன் செத்துவிடும். மற்ற வளைவு அதிர்வுகளும் விரல் சதையில் பெரும்பாலும் அடங்கிவிடும். பிடிக்காமல் ஒரு பதிவு, பிடித்து ஒரு பதிவு எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். எது தப்பிப் பிழைத்தது என்பது கண்ணுக்கே தெரியும்.

இன்னும் உறுதி வேண்டுமானால் இரண்டாம் அதிர்வைப் பாருங்கள். நெட்டலையில் அது சரியாக இரண்டு மடங்கு, 4280. அதற்கு நடுவில் எதிர்க்கணு, கணுக்கள் முனையிலிருந்து கால் பங்கு நீளத்தில் இருக்கும். ஆக நடுவைப் பிடித்தால் 4280 மறைய வேண்டும். முனையிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 4280 ஒலித்து 2140 மறைய வேண்டும். இரண்டும் இப்படியே நடந்தால் அப்புறம் சந்தேகமே வேண்டாம்.

நடுவைப் பிடித்துக்கொண்டு, ரோசின் தடவிய துணியால் கம்பியை நீளவாக்கில் உருவினாலும் அதே 2140 வீறிட்டு எழும். 1866-ல் ஆகஸ்ட் குண்ட் தன் குழாய்ச் சோதனையில் ஒலி எழுப்பியதும் நீளவாக்கில் இப்படித் தேய்த்துத்தான்.

வேகம் எல்லோருக்கும் ஒன்றாக வருகிறது. E மட்டும் 203, 207, 211 என்று ஆளுக்கு ஆள் மாறுகிறதே?

வெர்னியரைப் பாருங்கள். அதிர்வெண்ணில் 1 ஹெர்ட்ஸ் பிசகினால் E-யில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறும். நீளத்தில் 1 மி.மீ. பிசகினால் அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் விட்டத்தில் 0.1 மி.மீ. பிசகினால் பரப்பு வழியாக E 1.7 சதவீதம் மாறிவிடும். அதாவது மூன்றரை ஜிகாபாஸ்கல். கடையில் வாங்கும் ராடு முழு வட்டமாகவும் இருக்காது. ஐந்தாறு இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு செங்குத்துத் திசையில் அளந்து சராசரி எடுங்கள். அதைவிட நல்லது, விட்டத்தையே விட்டுவிடுவது. அதே கம்பியிலிருந்து வெட்டிய துண்டைக் காற்றிலும் தண்ணீரில் மூழ்கவிட்டும் எடை போட்டு அடர்த்தியை எடுத்து, E = ρv² என்று போடுங்கள்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. எங்கள் யு.டி. என்ற மீயொலிச் சோதனைக் கருவி அதே இரும்புக்கு 5900 மீ./வி. காட்டுகிறது. உங்கள் 5100 தப்பா?

இரண்டும் சரி. அவை இரண்டு வேறு அலைகள்.

கம்பியை நீளவாக்கில் அமுக்கும்போது அது பக்கவாட்டில் கொஞ்சம் புடைக்கும். பாய்சான் விகிதம் சொல்வது இதைத்தான். மெல்லிய கம்பியில் அப்படிப் புடைக்கத் தடை இல்லை, சுற்றிலும் காற்றுதான். அதனால் பொருள் எளிதாக விட்டுக்கொடுக்கிறது, E மட்டுமே எதிர்க்கிறது. கனமான இரும்புக் கட்டிக்குள் போகும் அலைக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. பக்கத்தில் இருக்கும் இரும்பே புடைக்கவிடாமல் தடுக்கிறது. அதனால் பொருள் அதிக விறைப்புள்ளதாக நடந்துகொள்கிறது:

```
v = √( E(1−ν) / (ρ(1+ν)(1−2ν)) )
```

பாய்சான் விகிதம் ν = 0.29 என்றால் கம்பி வேகத்தை 1.145-ஆல் பெருக்கியதற்குச் சமம். 5136-ஐப் பெருக்கினால் ஏறத்தாழ 5880.

எது கம்பி, எது கட்டி என்று தீர்மானிப்பது தடிமன் மட்டும் அல்ல, அலைநீளத்தோடு ஒப்பிட்ட தடிமன். நம் தட்டல் சோதனையில் அலைநீளம் 2.4 மீட்டர், கம்பியோ 12 மி.மீ. அதனால் அது மெல்லிய கம்பிதான். உங்கள் கருவி 5 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 1.2 மி.மீ. தான். அதே 12 மி.மீ. ராடு அந்த அலைக்குப் பெரிய கட்டி. நடுவில் அலைநீளமும் விட்டமும் நெருங்கி வரும் இடம்தான் சங்கடமானது. அங்கே வேகம் அதிர்வெண்ணோடு மாறிக்கொண்டே போகும், இரண்டு சூத்திரமும் உதவாது. விட்டத்தைப் போல அலைநீளம் குறைந்தது பத்து மடங்கு இருக்கும்வரை √(E/ρ)-வை நம்பலாம் என்பது நான் வைத்திருக்கும் எல்லை.

பட்டறையில் நடக்கும் தப்பு இதுதான்: யு.டி. காட்டும் 5900-ஐ எடுத்து E = ρv² என்று போட்டுவிடுவார்கள். 273 ஜிகாபாஸ்கல் வரும். எந்தச் சாதாரண இரும்புக்கும் அவ்வளவு கிடையாது. 270-க்கு மேல் யாராவது சொன்னால் எந்த அலையின் வேகத்தைப் போட்டார்கள் என்று கேளுங்கள்.

வீணைக் கம்பிக்கு √(T/μ) என்று படித்தோம். இழுத்துக் கட்டினால் இந்த அலையும் வேகமாகுமா?

ஆகாது. √(T/μ) என்பது கம்பி பக்கவாட்டில் ஆடும் குறுக்கலைக்கு. அங்கே மீள்விசை தருவது இழுவிசை. நெட்டலையில் மீள்விசை தருவது பொருளின் சொந்த விறைப்பு. பிருடையைத் திருகினால் குறுக்கலையின் சுருதி ஏறும், அதே கம்பிக்குள் ஓடும் நெட்டலை ஏறக்குறைய பழைய வேகத்திலேயே ஓடும்.

காட்பாடி பக்கம் வீடு. தண்டவாளத்தில் ரயில் சத்தம் முன்னாடியே வரும் என்று தாத்தா சொல்வார். உண்மையா?

உண்மைதான். 2 கி.மீ. தூரத்துச் சத்தம் காற்றில் வர இந்த ஊர் வெயிலில் சுமார் 5.7 வினாடி ஆகும், எஃகுத் தண்டவாளத்தில் 0.4 வினாடி. ஆனால் தண்டவாளத்தில் காது வைத்துப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். இதைப் பாதுகாப்பாக அளந்தவர் பிரான்சின் ழான் பப்டிஸ்ட் பியோ. பாரிஸில் சுமார் 951 மீட்டர் நீளமிருந்த வார்ப்பிரும்புக் குழாயின் ஒரு முனையில் அடித்தபோது மறுமுனையில் இரண்டு ஒலி கேட்டது, இடைவெளி சுமார் 2.5 வினாடி. இரும்பில் ஒலி காற்றை விடச் சுமார் பத்து மடங்கு வேகம் என்று அவருக்குக் கிடைத்தது. முழு எஃகுக் கம்பியில் அது பதினைந்து மடங்கு. வார்ப்பிரும்பின் E எஃகில் ஏறத்தாழப் பாதி என்பது இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம், குழாயில் இருந்த இணைப்புகள் இன்னொன்று.

பாலாற்றுப் பக்கம் பாலத்துக்குப் பைல் போடுகிறோம். மேலே சுத்தியலால் தட்டி நீளம் பார்க்கிறார்கள். அதுவும் இதே சூத்திரமா?

இதேதான், கம்பிக்குப் பதில் கான்கிரீட் தூண். தலையில் தட்டினால் அலை அடிவரை போய் எதிரொலித்துத் திரும்பும். எடுத்த நேரம் t என்றால் நீளம் vt/2. நம் நாட்டில் IS 14893 இந்தச் சோதனைக்கு வழிகாட்டுகிறது.

v-க்கு எந்த E-யைப் போடுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். எம்25 கான்கிரீட்டுக்கு IS 456 தரும் 5000√25 = 25,000 மெகாபாஸ்கலை எடுத்து, அடர்த்தி 2400 போட்டால் வேகம் 3230 வரும். ஆனால் அந்த E, மெதுவாகச் சுமை ஏற்றும் வடிவமைப்புக் கணக்குக்கானது. நொடிப்பொழுதில் மிகச் சிறிய திரிபோடு கடந்து போகும் அலைக்கு கான்கிரீட் இன்னும் விறைப்பாக இருக்கும். நல்ல கான்கிரீட்டில் 4000 வாக்கில் வருவது சாதாரணம். 15 மீட்டர் பைலில் எதிரொலி 7.5 மில்லிவினாடியில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 4000 போட்டால் நீளம் 15 மீட்டர். 3230 போட்டால் 12.1 மீட்டர். நன்றாகப் போட்ட பைலையே மூன்று மீட்டர் குறைவு என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால் நீளம் உறுதியாகத் தெரிந்த இரண்டு மூன்று பைல்களைத் தட்டி, அந்தத் தளத்தின் கான்கிரீட்டுக்கான வேகத்தை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் பகுதியில் இன்னொன்றும் உண்டு. ஆற்று மணலுக்குக் கீழே கடினமான பாறை. பைலின் அடி மணலில் நின்றால் அது விடுபட்ட முனை போல நடந்துகொள்ளும், எதிரொலி தட்டிய துடிப்பின் அதே திசையில் வரைபடத்தில் எழும். பாறைக்குள் இறங்கி நன்றாகப் பிடித்திருந்தால் கட்டிய முனை போல எதிர்த்திசையில் எழும். கான்கிரீட்டும் பாறையும் விறைப்பிலும் அடர்த்தியிலும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால், அலை நேரே பாறைக்குள் போய்விடும், எதிரொலி தெரியவே தெரியாது. அந்த வரைபடத்தைப் பார்த்து பைலுக்கு அடியே இல்லை, கான்கிரீட் கெட்டுப்போயிருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. அந்த இடத்துத் துளைப்புப் பதிவேட்டை எடுத்து, பாறை எந்த ஆழத்தில் தொடங்கியது என்று பார்த்த பிறகுதான் முடிவு சொல்ல வேண்டும்.